ஸ்டாண்டை மட்டும் வாங்கிவிடாதீர்கள்

என் தங்கை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். சாப்பாட்டு மேசைதான் ஆபீஸ். சாயங்காலமானால் கழுத்து வலி என்கிறாள். உயரம் 5 அடி. பிறந்தநாளுக்கு 2,000 ரூபாய்க்குள் லேப்டாப் ஸ்டாண்டு வாங்கலாமா, முதுகை நிமிர்த்தும் பெல்ட் வாங்கலாமா?
- ஓர் அண்ணன், மதுரை

பெல்ட் வேண்டாம். திரை தாழ்ந்திருக்கும் வரை பெல்ட் போட்டாலும் தலை குனியத்தான் செய்யும்.

ஸ்டாண்டு நல்ல யோசனைதான், ஆனால் தனியாக வாங்கினால் வீண். லேப்டாப்பில் திரையும் கீபோர்டும் ஒட்டியே இருப்பதால், திரையைக் கண்மட்டத்துக்குத் தூக்கினால் கீபோர்டும் கூடவே ஏறிவிடும். கழுத்துக்கு நல்லது செய்யப்போய் தோளைக் கெடுத்துக்கொள்வோம். நான் முதலில் செய்த தவறு இதுதான். பத்தே நாளில் ஸ்டாண்டு பரணுக்குப் போய்விட்டது. அதனால் ஒயர் வைத்த கீபோர்டும் மவுஸும் சேர்த்து வாங்குங்கள். சுமார் 1,000 ரூபாய் ஆகும். மடக்கு ஸ்டாண்டுக்கு ஓர் 600. அவள் லேப்டாப்பில் பழைய மாதிரி யுஎஸ்பி துளை இருக்கிறதா என்று மட்டும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.

மீதி 400 ரூபாய் நாற்காலிக்கு. சாப்பாட்டு மேசை பொதுவாக 30 அங்குலம், நாற்காலி 18 அங்குலம் உயரம் இருக்கும். உங்கள் தங்கை உயரத்துக்கு உட்கார்ந்தால் முழங்கை தரையிலிருந்து 27 அங்குலம் வாக்கில்தான் வரும். மேசை அதைவிட 3 அங்குலம் மேலே. அதனால் நாள் முழுக்கத் தோளைத் தூக்கியபடியே தட்டச்சு செய்கிறாள். மெத்தை தைக்கும் கடையில் கட்டியான ஃபோமை 4 அங்குலக் கனத்தில் வெட்டி, உறை போட்டு வாங்குங்கள். உட்கார்ந்தால் அமுங்கி 3 அங்குலம் நிற்க வேண்டும். கையால் அழுத்தும்போதே தட்டையாகிவிடும் பஞ்சு மெத்தை எதற்கும் உதவாது.

இப்போது கால் தொங்கும். தொங்கினால் தொடைக்கு அடியில் விளிம்பு அழுத்தி மரத்துப்போகும். வீட்டில் பழைய மணை கிடக்கிறதா? அதைக் காலடியில் போடுங்கள். 5, 6 அங்குலம் வரும்படி அடியில் கட்டை அடித்துக்கொள்ளலாம். இதற்குக் காசு கொடுத்து ஃபுட்ரெஸ்ட் வாங்க மனம் வரவில்லை எனக்கு.

ஸ்டாண்டின் உயரத்தைக் கடைசியில் வையுங்கள். மெத்தையில் உட்கார்ந்த பிறகுதான் கண்மட்டம் தெரியும். திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக அல்லது சற்றுக் கீழே, ஒரு கை நீட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் படிப்பவள் என்றால் இன்னும் கொஞ்சம் இறக்குங்கள், இல்லையென்றால் முகவாயைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள்.

ஒரு வாரம் கழித்து, அவள் வேலையில் மூழ்கியிருக்கும்போது பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். காது தோளுக்கு நேர்மேலே இருந்தால் சரி. முன்னால் தள்ளியிருந்தால் திரையைக் கிட்டே இழுங்கள். விரல்கள் மரத்துப்போவதாகச் சொன்னால் மட்டும் இதையெல்லாம் நம்பி இருக்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.