500-ஐத் தாண்டிய பத்து யூனிட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

போன தடவை 490 யூனிட், 1,742 ரூபாய். இந்தத் தடவை 510 யூனிட்தான், ஆனால் 2,124 ரூபாய் வந்திருக்கிறது. மீட்டர் வேகமாக ஓடுகிறதா? — வாசகி, திண்டுக்கல்

மீட்டரில் கோளாறு இல்லை. 2024 ஜூலையில் மாறிய கட்டணப்படி போட்டால் இரண்டு பில்லும் சரியாகவே வருகிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஒரு அட்டவணை, அதற்கு மேல் போனால் வேறு அட்டவணை. இது பலருக்குத் தெரிவதில்லை.

முதல் 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. சரியாக 500-ல் நின்றால் 1,805 ரூபாய். 501 ஆகிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடுகிறது, 101-லிருந்தே 4.70 போடுவார்கள். 501 முதல் 600 வரை யூனிட் ஒவ்வொன்றும் 8.40. ஆக 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே யூனிட்டின் விலை 243 ரூபாய்!

உங்களுக்கு 20 யூனிட் கூடியதற்கு 382 ரூபாய் ஏறியிருக்கிறது. அந்த 20 யூனிட்டைக் குறைப்பது பெரிய காரியமில்லை. 2,000 வாட் கீசர் தினம் கால் மணி நேரம் ஓடினால் அறுபது நாளில் 30 யூனிட். பழைய 75 வாட் மின்விசிறி ஒன்றை எடுத்துவிட்டு 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி மாட்டினால், தினம் பன்னிரண்டு மணி நேரக் கணக்கில் 32 யூனிட் மிச்சம். அதிகம் சுற்றும் விசிறியை மட்டும் மாற்றினால் போதும்.

ரீடிங் எடுத்த அன்று மீட்டர் எண்ணைக் காலண்டரில் எழுதி வையுங்கள். மீட்டர் திரையில் பல எண்கள் மாறி மாறி வரும். பக்கத்தில் kWh என்று வருவதுதான் யூனிட். நாற்பதாம் நாள் மறுபடி பாருங்கள். 333-க்குள் இருந்தால் 500-க்குள் முடியும். 360 ஆகியிருந்தால் மீதி இருபது நாளைக்குத் தினம் 7 யூனிட்தான் உங்கள் அளவு. ரீடிங் எடுக்க ஆள் தாமதமாக வந்து, அந்த நாட்களால் 500 தாண்டியிருந்தால், இரண்டு ரீடிங் தேதிகளையும் குறிப்பிட்டு உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். மின்னகம் எண் 94987 94987-லும் புகாரைப் பதியலாம்.

பிளக்கில் செருகினால் கரண்ட் பில் 40 சதவீதம் குறையும் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். என் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது. பில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. உள்ளே இருப்பது சின்ன கெப்பாசிட்டர். வீட்டு பில் யூனிட் கணக்கில்தான் வருகிறது, அதை இந்தப் பெட்டி தொடாது.

வாடகை வீட்டில் இருக்கிறோம். சப்-மீட்டர் பார்த்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று ஓனர் வாங்குகிறார். 120 யூனிட்டுக்கு 960 கொடுத்தோம். எங்களுக்கு இலவச 100 யூனிட் கிடையாதா? — வாசகர், ஆவடி

உண்டு. அது உங்களிடம் வந்து சேரவில்லை. வருடக்கணக்கில் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரே மின் இணைப்பு, மூன்று போர்ஷன். நீங்கள் 120, பக்கத்துக் குடித்தனம் 150, ஓனர் 180, ஆக மொத்தம் 450 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். மின்வாரியத்துக்கு ஓனர் கட்டுவது 235 + 940 + 315, அதாவது 1,490 ரூபாய். இரண்டு குடித்தனத்திடமும் அவர் வாங்குவது 270 யூனிட்டுக்கு 2,160. அவர் வீட்டுக் கரண்ட் இலவசம், கையில் 670 ரூபாய் லாபம் வேறு. உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பு இருந்தால் 120 யூனிட்டுக்கு நீங்கள் கட்ட வேண்டியது 47 ரூபாய். அரசு மானியம் கொடுப்பது குடியிருக்கிறவருக்காக. வீட்டுக்காரர் அதை வாடகையோடு சேர்த்துச் சுருட்டுவது அநியாயம்.

சரியான வழி தனி இணைப்புதான். உங்கள் போர்ஷனுக்குத் தனி வாசலும் சமையலறையும் தனி வயரிங்கும் இருந்தால் ஓனரை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். செலவைப் பாதிப் பாதி ஏற்பதாகச் சொன்னால் பலர் இறங்கி வருவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால், மின்வாரிய பில்லைக் காட்டச் சொல்லி, மொத்தத் தொகையை யூனிட் விகிதத்தில் பிரிக்கக் கேளுங்கள். மேலே சொன்ன கணக்கில் உங்கள் பங்கு 1,490-ல் 450-க்கு 120, கிட்டத்தட்ட 397 ரூபாய். புதிதாக வீடு பார்ப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே "இ.பி. கார்டு தனியா?" என்று கேட்டுவிடுங்கள். வாடகை 500 ரூபாய் குறைவு என்று பொது மீட்டர் வீட்டுக்குப் போனால் அந்த மிச்சம் கரண்டிலேயே போய்விடும்.

சொந்த வீடு, நாங்கள் ஒரே குடும்பம். மாடிக்கு இரண்டாவது மீட்டர் வாங்கினால் 200 யூனிட் இலவசமாகுமே?

ஆகாது. ஒரே குடும்பம் ஒரே வீட்டில் இரண்டு இணைப்பு வைத்திருப்பது ஆய்வில் தெரிந்தால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். மாடியில் நிஜமாகவே வேறு குடும்பம் வாழ்ந்தால் தாராளமாக வாங்குங்கள்.

மகளிர் உரிமைத் தொகை மனு தள்ளுபடி. மின் பயன்பாடு அதிகம் என்று காரணம். நாங்கள் குடியிருப்பது மூன்று குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் உள்ள வீடு. — வாசகி, சேலம்

2023-ல் வகுத்த விதிப்படி வரம்பு ஆண்டுக்கு 3,600 யூனிட், அதாவது ஒரு பில்லுக்குச் சராசரி 600. மூன்று குடும்பத்துக் கரண்டை உங்கள் தலையில் கட்ட முடியாது. தள்ளுபடிக் குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யுங்கள். வாடகை ஒப்பந்தத்தையும் சப்-மீட்டர் கணக்கையும் இணைத்து, எந்த இணைப்பு எண்ணில் எத்தனை குடும்பம் என்று இரண்டே வரியில் எழுதினால் போதும்.

ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க ஒருவரிடம் 3,000 ரூபாய் கொடுத்தேன். இப்போது போனை எடுக்க மாட்டேன் என்கிறார்.

tnpds.gov.in தளத்தில் நீங்களே செய்யக்கூடிய வேலை. ரசீது இல்லாமல் முகம் தெரியாத ஆளிடம் பணத்தோடு ஆதார் நகலையும் கொடுத்திருக்கிறீர்கள். போலீசில் புகார் கொடுங்கள், பெயரை இன்றைக்கே நீங்களே சேருங்கள்.

ரேஷன் கடையில் பாமாயில் "லோடு வரவில்லை" என்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் வாங்கியதாக மெசேஜ். — வாசகி, விருத்தாசலம்

உங்கள் மேல் தப்பில்லை. அரிசிக்காக விரல் வைக்கும்போது மற்ற பொருளையும் சேர்த்து பில் போடுவதுதான் இங்கே நடக்கிறது. பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வரவேண்டியதை, அந்த மாதம் வெளிக்கடை விலைக்கு வாங்க வேண்டியதாகிவிடுகிறது.

கார்டில் பதிந்த அதே செல்போனிலிருந்து PDS 107 என்று 97739 04050-க்கு அனுப்புங்கள். தவறான பில்லுக்கான புகார் அது. கூடவே 1967-க்கும் பேசுங்கள். வந்த மெசேஜை அழிக்காதீர்கள், வட்ட வழங்கல் அலுவலகத்தில் அதுதான் சாட்சி. அடுத்த மாதம் புறப்படும் முன் PDS 101 அனுப்பினால் கடையில் என்ன இருப்பு என்று பதில் வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். விரல் வைத்ததும் மெசேஜ் வரும்வரை கவுண்டரை விட்டு நகராதீர்கள். மெசேஜே வருவதில்லை என்றால் கார்டில் இருப்பது பழைய எண். முதலில் அதை மாற்றுங்கள்.