புடவைப் படத்தில் குஞ்சம் வெட்டுப்படாமல் பின்னணியை நீக்குவது எப்படி?

கேள்வி: மெரூனும் மஞ்சளுமாகப் பெரிய கட்டம் போட்ட செட்டிநாடு காட்டன் புடவையை வெள்ளைத் துணிக்கு முன்னால் தொங்கவிட்டுப் படம் எடுத்தேன். பின்னணி நீக்கும் ஆப்பில் போட்டால் மஞ்சள் கட்டங்கள் ஓட்டையாகின்றன, முந்திக் குஞ்சம் கத்தரியால் வெட்டியது போல ஆகிவிடுகிறது. சின்ன ஆன்லைன் கடைதான். என்ன செய்யலாம்?

பதில்: புடவையின் உடலையும் குஞ்சத்தையும் இரண்டு தனி வேலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உடலுக்கு ஓரம் நேர்கோடு, அதைக் கையால் வரைந்துவிடலாம். குஞ்சத்தில் நூலுக்கு நூல் இடைவெளி இருப்பதால் கையால் வரையவே முடியாது, அதை நிறத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். இரண்டையும் ஒரே சொடுக்கில் முடிக்கப் பார்ப்பதால்தான் ஆப் தடுமாறுகிறது. அதன் கண்ணுக்கு உங்கள் மெரூன் கட்டத்தின் விளிம்பும் புடவையின் விளிம்பும் ஒன்றுதான்.

நான் இதற்கு இலவசமான கிம்ப் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். போனில் எடுத்த மூலப் படத்தையே திறங்கள். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் என்றால் சுருக்கப்பட்டு, குஞ்ச ஓரமெல்லாம் சதுரம் சதுரமாக உடைந்திருக்கும். கணினிக்கு மாற்றும்போது டாக்குமெண்டாக அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் குஞ்சம். படத்தின் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிறம் எவ்வளவு இருக்கிறது என்று தனித்தனியாகக் காட்டும் Channels பகுதிக்குப் போய் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். உங்கள் புடவைக்கு நீலம்தான் சரி. மஞ்சள் நம் கண்ணுக்கு வெளிச்சமான நிறம், ஆனால் அதில் நீலம் மிகக் குறைவு. மெரூனிலும் அப்படியே. வெள்ளைத் துணியில் மட்டும்தான் நீலம் நிறைய. அதனால் நீலச் சேனலில் மஞ்சள் நூல், மெரூன் நூல் இரண்டுமே கருப்பாகி, பின்னால் துணி வெளுப்பாக நிற்கும். (நீலப் புடவை என்றால் இதே கணக்கில் சிவப்புச் சேனல் பொருந்தும். வெண்ணிறக் குஞ்சத்துக்கு வெள்ளைப் பின்னணியில் எந்தச் சேனலும் உதவாது, கருந்துணி முன்னால் மறுபடி படம் எடுப்பதுதான் வழி.)

நீலச் சேனலை வலது சொடுக்கில் Duplicate Channel கொடுத்துப் பிரதி எடுங்கள். அந்தப் பிரதியைத் தேர்ந்துகொண்டு Colors > Invert. இப்போது குஞ்சம் வெளுப்பு, பின்னணி கருஞ்சாம்பல். அடுத்து Colors > Levels. பின்னணி முழுக் கருப்பாகும் வரை இடது முக்கோணத்தை உள்ளே தள்ளுங்கள், நூலின் நடுப்பகுதி வெளுக்கும் வரை வலதை. அங்கே 0 என்றால் முழுக் கருப்பு, 255 என்றால் முழு வெள்ளை. உதாரணமாக, பின்னணி 40க்கும் நூல் 190க்கும் பக்கத்தில் இருந்தால் 55, 170 என்று வைத்துப் பார்க்கலாம். இரண்டு முக்கோணத்தையும் மிக நெருக்கிவிடாதீர்கள். நூலின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய சாம்பல் நிறம்தான் அதை நூலாகக் காட்டுகிறது. அது போய்விட்டால் ரம்பப் பல் மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் உடல். Paths கருவியால் உடலின் ஓரத்தைச் சுற்றி, ஒன்றிரண்டு பிக்சல் உள்ளடங்கலாக வரையுங்கள். முந்தியில் நெசவு முடிந்து நூல் பிரியும் இடத்துக்குச் சற்று மேலேயே நிறுத்துங்கள். அதை Selection ஆக்கி, அதே சேனல் பிரதியில் வெள்ளையை நிரப்புங்கள். உள்ளே எந்தக் கட்டம் இருந்தாலும் இனி ஓட்டை விழாது. புடவைக்கு வெளியே கொடிக்கம்பி, துணி மடிப்பின் நிழல் என்று ஏதாவது வெளுத்துத் தெரிந்தால் கருப்புத் தூரிகையால் மறைத்துவிடுங்கள்.

கடைசியாகப் படத்தின் லேயருக்கு Add Layer Mask கொடுத்து, Channel என்பதில் இந்தப் பிரதியைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்க்கில் வெள்ளையான இடம் தெரியும், கருப்பான இடம் மறையும், அதனால் பின்னணி போய்விடும்.

சரியாக வந்ததா என்று வெள்ளைமேல் வைத்துப் பார்த்தால் தெரியாது. அடியில் ஒரு கருப்பு லேயர் போட்டு 100 சதவீத அளவில் குஞ்சத்தைப் பாருங்கள். நூலைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் அது பழைய துணியின் நிறம். கடைப் படம் வெள்ளைப் பின்னணியில்தான் வரப்போகிறது என்றால் அதை அப்படியே விட்டுவிடலாம், வெள்ளையில் கரைந்துவிடும். வேறு நிறப் பின்னணி வேண்டுமென்றால் மாஸ்க்கைத் தொடாமல் படத்தின் லேயரையே தேர்ந்து, பக்கத்து நூலின் நிறத்தை எடுத்து அந்த ஓரத்தில் மெதுவாகத் தீட்டுங்கள். வடிவத்தை மாஸ்க் பார்த்துக்கொள்ளும், நிறம் மட்டும் மாறும்.

அடுத்த புடவைக்கு, துணியிலிருந்து மூன்று நான்கு அடி முன்னால் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு எடுங்கள். நிழல் துணியில் விழாது, குஞ்சமும் ஆடி மங்காது. பின்னணி இல்லாமலே சேமிக்க PNG, வெள்ளை போட்டுச் சேமிக்க JPEG.