டிரைட்டான் ஏன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது? கேள்விகளும் பதில்களும்

நெப்டியூனின் பெரிய நிலாவைப் பற்றி நம் வடசென்னை வானியல் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

தண்டையார்பேட்டை, பிளஸ் டூ மாணவி: சார், ஒரு நிலா ரிவர்ஸ்ல சுத்துனா, அது வெளியிலிருந்து வந்ததுன்னு எப்படிச் சொல்றாங்க?

ஒரு பெரிய கோள் உருவாகும்போது அதைச் சுற்றி வாயுவும் தூசியும் பனியும் தட்டையாகப் பரவிச் சுழல்கின்றன. அதில் பிறக்கும் நிலாக்கள் கோள் சுழலும் திசையிலேயே, அதன் நடுக்கோட்டை ஒட்டியே சுற்றும். வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் சனியின் டைட்டனும் அப்படித்தான். நெப்டியூன் சுமார் 16 மணி நேரத்தில் தன்னைத்தானே ஒரு முறை சுழல்கிறது. டிரைட்டானோ அதற்கு நேர் எதிர்ப்பக்கமாக, 5 நாள் 21 மணி நேரத்தில் ஒரு சுற்று வருகிறது. அதன் பாதை நெப்டியூனின் நடுக்கோட்டிலிருந்து 23 பாகை சாய்ந்தும் இருக்கிறது. அந்தத் தட்டையான சுழலில் பிறந்த ஒரு நிலாவுக்கு இப்படி ஒரு பாதை அமைவது மிகக் கடினம்.

திசையை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. டிரைட்டானின் விட்டம் 2,707 கிலோமீட்டர், புளூட்டோவின் விட்டம் 2,377. அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: தண்ணீரைப்போல இரண்டு மடங்கு. இரண்டின் மேற்பரப்பிலும் நைட்ரஜன் பனி. அதாவது நெப்டியூனுக்கு வெளியே கைப்பர் பட்டையில் இருக்கும் பனி உலகங்களின் சாயல் இதற்கு இருக்கிறது.

அப்புறம் நெப்டியூனின் மற்ற நிலாக்களைப் பாருங்கள். அதைச் சுற்றிவரும் மொத்தப் பொருளில் 99 விழுக்காட்டுக்கு மேல் டிரைட்டான் ஒன்றிடமே இருக்கிறது. மற்றவை எல்லாம் சிறிசுகள். அவற்றில் நெரீட் என்ற நிலா 14 லட்சம் கிலோமீட்டர் வரை கிட்டே வந்து, 97 லட்சம் கிலோமீட்டர் வரை தள்ளிப் போகிறது. யாரோ பெரிய ஆள் உள்ளே புகுந்து கலைத்துவிட்ட வீடு போலத்தான் எனக்குத் தெரிகிறது.

வியாசர்பாடி, ஐ.டி.ஐ. பயிற்றுநர்: வெள்ளியும் யுரேனஸும்கூட எதிர்ப்பக்கம்தான் சுழலுது. அப்போ அதுங்களும் பிடிபட்டதா? வியாழனுக்கும் பின்னோக்கிப் போற நிலா நிறைய இருக்குன்னு படிச்சேனே.

இரண்டாவதாகச் சொன்னது சரி. முதலாவது வேறு விஷயம். வெள்ளி எதிர்ப்பக்கம் சுழல்வது தன் அச்சில். சூரியனைச் சுற்றுவது மற்ற கோள்கள் போகும் அதே திசையில்தான். டிரைட்டானில் திரும்பியிருப்பது சுற்றுப்பாதையே.

வியாழனின் பின்னோக்கிப் போகும் நிலாக்களும் சனியின் ஃபீபியும் பிடிபட்டவை என்றுதான் கருதப்படுகிறது. ஆனால் அவை சின்னப் பாறைகளும் பனிக்கட்டிகளும். ஃபீபியே 213 கிலோமீட்டர்தான். அவை தம் கோளிலிருந்து வெகு தூரத்தில், நீண்டு சாய்ந்த பாதைகளில் சுற்றுகின்றன. டிரைட்டான் நெப்டியூனிலிருந்து 3,55,000 கிலோமீட்டரில் இருக்கிறது, நம் நிலவு நமக்கு இருப்பதைவிடக் கொஞ்சம் கிட்டே. பாதையும் ஏறக்குறைய முழு வட்டம். பெரிய நிலாக்களில் எதிர்த்திசையில் போவது இது ஒன்றுதான். அதனால்தான் எப்படி மாட்டியது என்ற கேள்வி இதில் இவ்வளவு கனமாகிறது.

கொருக்குப்பேட்டை, தையல் கடை நடத்துபவர்: என் பையன் ஜாதகத்துல சனி வக்ரம்னு சொன்னாங்க அண்ணா. இதுவும் அதே பின்னாடி போறதுதானா?

இல்லம்மா, இது வேறு. வக்ரம் என்பது பூமியிலிருந்து பார்க்கும் நமக்குத் தெரியும் தோற்றம். நாம் உள்வட்டத்தில் வேகமாகப் போய்ச் சனியைக் கடக்கும்போது, அது விண்மீன்களுக்கு நடுவே சில மாதம் பின்னோக்கிப் போவதாகத் தெரியும். உண்மையில் சனி திரும்புவதில்லை. நெப்டியூனுக்கும் இப்படி ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து மாதம் வக்ரம் உண்டு. டிரைட்டான் எங்கிருந்து பார்த்தாலும் எதிர்ப்பக்கம்தான் போகிறது.

காசிமேடு, விசைப்படகு மெக்கானிக்: நெப்டியூன் பெருசு, இழுத்துச்சு, மாட்டிக்கிச்சு. இதுல என்ன கஷ்டம் இருக்கு?

நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் இங்கேதான் முடிச்சே இருக்கிறது. ஈர்ப்பு மட்டும் எதையும் பிடித்து வைக்காது. தொலைவிலிருந்து வரும் பொருள் நெப்டியூனை நோக்கி விழும்போது வேகம் கூடும். கடந்து போகும்போது அதே வேகத்தை ஈர்ப்பு திரும்ப எடுத்துக்கொள்ளும். கடைசியில் வந்தபோது இருந்த வேகம் அப்படியே மிஞ்சும், பொருள் தப்பிப் போய்விடும். மாட்ட வேண்டுமென்றால் கிட்டே இருக்கும் அந்தச் சில மணி நேரத்துக்குள் கொஞ்ச வேகத்தை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும்.

எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெகு தொலைவில் நெப்டியூனைப் பொறுத்து வினாடிக்கு அரை கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வையுங்கள். நெப்டியூனின் மையத்திலிருந்து 5.2 லட்சம் கிலோமீட்டருக்கு வரும்போது அதன் வேகம் வினாடிக்கு 5.15 கிலோமீட்டர் ஆகிவிடும். அந்த இடத்திலிருந்து தப்பிக்க 5.13 போதும். கூடுதலாக இருப்பது வினாடிக்கு சுமார் 24 மீட்டர்தான். அதைக் கழித்துவிட்டால் போதும், டிரைட்டான் நெப்டியூனுக்குச் சொந்தம்.

அந்த 24 மீட்டரை யார் வாங்கிக்கொள்வது? 2006-இல் ஆக்னர், ஹாமில்டன் என்ற இருவர் சொன்ன விடை எனக்கு மிகவும் பிடிக்கும்: டிரைட்டான் தனியாக வரவில்லை, ஜோடியாக வந்தது. கைப்பர் பட்டையில் ஒன்றையொன்று சுற்றும் ஜோடிகள் ஏராளம், புளூட்டோவும் சாரனும் அப்படித்தான். டிரைட்டான் அளவே எடையுள்ள இரண்டு உலகங்கள் 27,000 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தால், ஒவ்வொன்றும் பொது மையத்தைச் சுற்றி வினாடிக்கு சுமார் 160 மீட்டர் வேகத்தில் ஓடும். இந்த ஜோடி அந்த 5.2 லட்சம் கிலோமீட்டருக்குள் வந்ததும், நெப்டியூனின் இழுப்பு இரண்டுக்கும் இடையிலான பிடிப்பை மீறி ஜோடியைப் பிரித்துவிடும். பிரியும் அந்தக் கணத்தில் ஒன்று பயணத் திசைக்கு எதிராக ஓடிக்கொண்டிருந்தால், அதற்கு மட்டும் 160 மீட்டர் வரை வேகம் குறைவு. அது மாட்டிக்கொள்ளும். மற்றது கூடுதல் வேகத்தோடு ஓடிவிடும். தேவை 24, கிடைப்பது 160 வரை. அதனால் திசை கச்சிதமாகப் பொருந்தாவிட்டாலும் காரியம் நடக்கும்.

பெரம்பூர், இயற்பியல் முதுகலை மாணவர்: சார், வாயு உராய்வு, ஏற்கெனவே இருந்த நிலாவோட மோதல் ரெண்டையும் விட்டுட்டீங்க. இன்னொன்னு, பிடிபட்டா எதிர்த்திசையிலதான் போகணும்னு கட்டாயம் இல்லையே?

கடைசியில் சொன்னது மிகச் சரி, தம்பி. ஒரு ஜோடி நெப்டியூனின் எந்தப் பக்கமாகக் கடந்தது என்பதைப் பொறுத்து நேர்த்திசையிலும் பிடிபடலாம், எதிர்த்திசையிலும் பிடிபடலாம். நேர்த்திசையில் மாட்டியிருந்தால் நமக்குச் சந்தேகமே வந்திருக்காது. எதிர்த்திசை என்பது பிடிபட்டதன் விளைவு அல்ல, அதைக் காட்டிக்கொடுத்த தடயம்.

வாயு உராய்வுக்கு நேரம் ஒத்துவர வேண்டும். நிறுத்தும் அளவுக்கு வாயு இருக்க வேண்டும். நின்றபின் அது சீக்கிரம் கலைந்துவிடவும் வேண்டும், இல்லையென்றால் டிரைட்டான் சுழன்று நெப்டியூனுக்குள்ளேயே விழுந்துவிடும். மோதலுக்கு அளவு ஒத்துவர வேண்டும். மோதப்படும் நிலா ரொம்பச் சின்னதென்றால் நிறுத்தாது, பெரியதென்றால் டிரைட்டானே உடைந்துபோகும். இரண்டும் நடக்கவே முடியாது என்று யாரும் சொல்லவில்லை. ஜோடிப் பிரிவுக்கு இப்படிப்பட்ட தற்செயல் குறைவாகத் தேவைப்படுகிறது, அதனால் நான் அதன் பக்கம் சாய்கிறேன்.

நீங்கள் ரசிப்பீர்கள் என்று இதையும் சொல்கிறேன். புளூட்டோ ஜோடியை அதே இடத்துக்கு அனுப்பினால் சாரனின் வேகம் வினாடிக்கு சுமார் 200 மீட்டர், புளூட்டோவின் வேகம் 24 மீட்டர்தான். அதாவது எடை குறைந்தது சுலபமாக மாட்டும், கனமானது விளிம்பில் நிற்கும். டிரைட்டானின் பழைய துணை அதைவிட ரொம்பச் சின்னதாக இருந்திருக்க முடியாது என்பது இதிலிருந்து வரும் ஊகம்.

ராயபுரம், வங்கி ஊழியர்: என்கிட்ட 5 இஞ்ச் டெலஸ்கோப் இருக்கு. மொட்டை மாடியிலிருந்து டிரைட்டானைத் தேடியும் கிடைக்கல. லென்ஸ்ல பிரச்சினையா?

லென்ஸில் குறையில்லை. நெப்டியூன் 7.8 ஒளி அளவில் உங்கள் டெலஸ்கோப்புக்குச் சிக்கும். இந்த எண் கூடக் கூட ஒளி மங்கும். டிரைட்டான் 13.5, அதை 5 இஞ்சில் துறைமுக விளக்குகளுக்குப் பக்கத்திலிருந்து கண்ணால் பார்ப்பது நடக்காது. 10 இஞ்சும் ஊருக்கு வெளியே இருட்டான இடமும் இருந்தால் முயலலாம்.

திருவொற்றியூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: அப்படி மாட்டியது முதலில் நீண்ட பாதையில்தானே சுற்றியிருக்கும்? இப்போது எப்படி வட்டமானது? இனி என்ன ஆகும்?

ஆமாம் டீச்சர், நான் மேலே போட்ட கணக்குப்படி முழு 160 மீட்டரும் குறைந்தால்கூட முதல் பாதை ஏறக்குறைய ஒரு கோடி கிலோமீட்டர் தொலைவு வரை நீளும். ஒவ்வொரு முறையும் நெப்டியூனுக்குக் கிட்டே வரும்போது அதன் ஈர்ப்பு டிரைட்டானின் உடலைப் பிசையும். அந்த உரசலில் ஆற்றல் வெப்பமாகி வெளியேற, பாதை சுருங்கிக்கொண்டே வரும். கோண உந்தம் ஏறக்குறைய மாறாது என்பதால், கடைசியில் நிற்கும் வட்டத்தின் ஆரம் முதலில் இருந்த மிகக் கிட்டத் தொலைவைப்போல இரண்டு மடங்கு இருக்கும். இன்றைய 3,55,000-ஐ வைத்துப் பின்னோக்கிப் பார்த்தால், அன்று டிரைட்டான் நெப்டியூனின் மையத்துக்கு சுமார் 1,80,000 கிலோமீட்டர் வரை வந்துபோயிருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் வந்த வெப்பம் உள்ளே இருந்த பனியை உருக்கியிருக்கும். பழைய நிலாக்கள் இருந்திருந்தால் அவற்றைக் குலைத்தும் இருக்கும். இன்று நெப்டியூனுக்கு அருகே இருக்கும் சிறு நிலாக்கள் அந்த இடிபாடுகளிலிருந்து மறுபடி சேர்ந்தவையாக இருக்கலாம்.

இப்போது திசைதான் அதற்கு எதிரி. நம் நிலவு பூமி சுழலும் திசையிலேயே போவதால் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. எதிர்த்திசையில் போகும் டிரைட்டான் மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறது. கணக்கிட்டவர்கள் சுமார் 360 கோடி ஆண்டு என்கிறார்கள். அப்போது நெப்டியூனின் இழுப்பில் அது உடைந்து வளையமாகலாம்.

ஓடிப்போன துணை எங்கே போனது என்பதற்கு விடை இல்லை. டிரைட்டானிடமே கேட்கலாம் என்றால், அதைக் கிட்டே பார்த்தது வாயேஜர் 2 மட்டும்தான், 1989 ஆகஸ்டில். அதுவும் மேற்பரப்பில் 40 விழுக்காடுதான் சரியாகப் படமானது. அதில் குழிப்பள்ளங்கள் மிகக் குறைவு, அதாவது மேற்பரப்பு இளமையானது; மேலே பீறிட்டு எழும் நைட்ரஜன் ஊற்றுகள் வேறு. அந்த இளமைக்குக் காரணம் பழைய வெப்பத்தின் மிச்சமா, இன்றும் தொடரும் பிசைவா என்று கருத்து வேறுபாடு இருக்கிறது. டிரைடெண்ட் என்ற பெயரில் மறுபடி அங்கே போகும் திட்டம் ஒன்று நாசாவின் இறுதிப் பரிசீலனை வரை வந்தது. 2021-இல் தேர்வானது வெள்ளிக்குப் போகும் இரண்டு திட்டங்கள்.