சீட்டு சரியாகக் கலைகிறதா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

நண்பர்களோடு விளையாட ஒரு சீட்டு விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். கலைக்கும் ஃபங்ஷன் எல்லா வரிசைகளையும் சமமாகத் தருகிறதா என்று பார்க்க, மூன்று சீட்டை மட்டும் வைத்து 60 தடவை ஓட்டினேன்.

```python
import random
from collections import Counter

def kalai(a):
    n = len(a)
    for i in range(n):
        j = random.randrange(n)
        a[i], a[j] = a[j], a[i]

a = list("ABC")
count = Counter()
for _ in range(60):
    kalai(a)
    count["".join(a)] += 1
```

ஆறு வரிசைகளும் 9, 12, 13, 11, 8, 7 தடவை வந்தன. வர வேண்டியதற்கும் வந்ததற்கும் உள்ள விலகலை அளக்கும் கை-ஸ்கொயர் 2.8. அட்டவணையில் ஐந்து சதவீத எல்லை 11.07 என்று இருக்கிறது. அப்படியானால் ஃபங்ஷன் சரிதானே? ஆனால் இதே நிரலை என் நண்பன் ஓட்டியபோது 12.4 வந்தது; பி-மதிப்பு, அதாவது சரியான ஃபங்ஷனிலும் இவ்வளவு விலகல் தற்செயலாக வரும் வாய்ப்பு, 0.03. அவன் தப்பு என்கிறான். யார் சொல்வது சரி? அப்புறம், 52 சீட்டுக்கு இதை எப்படிச் செய்வது?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

ஃபங்ஷன் தப்பு. ஆனால் உங்கள் நண்பர் அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. நீங்கள் அனுப்பிய சோதனை இருக்கிற நிலையில் அதைப் பிடிக்கவே பிடிக்காது. 60 தடவைக்குப் பதில் 60 லட்சம் தடவை ஓட்டினாலும் அதே கதைதான்.

முதலில் ஃபங்ஷனைப் பார்ப்போம். மூன்று சீட்டுக்கு உங்கள் லூப் மூன்று முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் `j` மூன்றில் ஒன்று. ஆக மொத்தம் 27 வழிகள், எல்லாம் சம வாய்ப்பு உள்ளவை. போய்ச் சேர வேண்டிய வரிசைகளோ 6. 27-ஐ ஆறால் மீதியில்லாமல் வகுக்க முடியாது என்பதால் சமமாகப் பிரிய வழியே இல்லை. ஒரு தாளில் 27-ஐயும் எழுதிப் பாருங்கள். ACB, BAC, BCA மூன்றும் ஐந்தைந்து வழிகளில் வரும். ABC, CAB, CBA நான்கு நான்கு வழிகளில்தான் வரும். திருத்தம் ஒரே இடத்தில்:

```python
j = random.randrange(i, n)
```

ஏற்கெனவே வைத்து முடித்த இடங்களைத் தொடாமல், மீதி இருப்பதிலிருந்து மட்டும் எடுக்கிறோம். 3 × 2 × 1 = 6 வழிகள், வரிசைக்கு ஒன்று. ஃபிஷர்–யேட்ஸ் முறை என்பது இதுதான்.

இப்போது சோதனைக்கு வருவோம். `a = list("ABC")` லூப்புக்கு வெளியே இருக்கிறது. அதனால் இரண்டாவது தடவை நீங்கள் கலைப்பது புதுச் சீட்டுக்கட்டை அல்ல, முதல் தடவை கலைந்து கிடந்த கட்டை. உங்கள் ஃபங்ஷனின் ஓரவஞ்சனை, தொடக்க வரிசையைப் பொறுத்த ஒன்று: ABC-யில் தொடங்கினால் BCA கொஞ்சம் அதிகம், BCA-வில் தொடங்கினால் வேறொன்று அதிகம். தொடங்கும் இடமே கலைந்துகொண்டிருந்தால் இந்த அதிகங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். நன்றாகக் கலைந்த கட்டை எடுத்துக் கலைத்தால், எவ்வளவு மோசமாகக் கலைத்தாலும், ஏன், ஒன்றுமே செய்யாமல் திருப்பிக் கொடுத்தாலும், கட்டு நன்றாகக் கலைந்ததாகத்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசையிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஒரு வரியை லூப்புக்குள் தள்ளிவிடுங்கள்.

தள்ளிய பிறகும் 60 போதாது. கணக்கு இப்படி. ஒவ்வொரு வரிசைக்கும் வர வேண்டியது 27-இல் 4.5 பங்கு; வருவது 4 அல்லது 5. இந்த அரைப் பங்கு விலகல்களை வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்ததால் வகுத்து, ஆறையும் கூட்டினால் 1/81 என்று சுருங்கும். அதாவது `N` தடவை ஓட்டினால் ஃபங்ஷனின் குறை கை-ஸ்கொயரில் சராசரியாக `N/81` மட்டுமே சேர்க்கும். குறையில்லாத ஃபங்ஷனுக்கே சராசரி 5 வரும். ஆறு எண்ணில் ஐந்து தெரிந்தால் ஆறாவது தானாகத் தெரிந்துவிடும் என்பதால், டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 5, அதுவே சராசரியும்.

60 தடவைக்கு 60/81, முக்கால்கூட இல்லை. 5-க்குப் பதில் 5.7 என்பதைத் தற்செயலின் ஏற்ற இறக்கத்திலிருந்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. தப்பான ஃபங்ஷன் பத்தில் ஒன்பது தடவைக்கு மேல் தேறிவிடும். 600 தடவை ஓட்டினால் பிடிபடுவது பாதிக்குப் பாதி. 6000 ஓட்டினால் 74 சேர்கிறது: 1000 வர வேண்டிய இடங்களில் 889-ஐயும் 1111-ஐயும் ஒட்டிய எண்களைப் பார்ப்பீர்கள், கை-ஸ்கொயர் 79-ஐச் சுற்றி நிற்கும். சரியான ஃபங்ஷன் ஆயிரத்தில் ஒரு தடவைதான் 20.5-ஐத் தாண்டும். இந்த இடைவெளியில் சந்தேகத்துக்கு வேலையில்லை.

இன்னொரு சின்னப் பொறி. கூட்டும்போது `count.values()` மீது லூப் ஓட்டாதீர்கள்; வராத வரிசைகள் அதில் இருக்காது. கடைசி சீட்டுக்கு முன்பே லூப்பை நிறுத்தி, `randrange(i, n)` என்பதை `randrange(i+1, n)` என்று எழுதிவிட்டால் BCA, CAB இரண்டு மட்டுமே வரும். வந்த இரண்டை மட்டும் வைத்து ஆளுக்கு 3000 என்று எதிர்பார்த்தால், கை-ஸ்கொயர் ரொம்ப நல்ல பிள்ளையாக ஒன்றுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆறு வரிசைகளையும் முதலிலேயே எழுதிவைத்து அவற்றின் மீதுதான் கூட்ட வேண்டும்.

நண்பரின் 0.03-க்கு வருகிறேன். ஐந்து சதவீத எல்லை என்றால், சரியான ஃபங்ஷனும் இருபதில் ஒரு தடவை தோற்கும் என்று நாமே ஒப்புக்கொண்டுவிட்டோம். அதனால் ஒரு 0.03 எதையும் நிரூபிக்காது. அதற்காகத் தேறும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவது இன்னும் மோசம். போதுமான தடவை ஓட்டினால் எதுவும் தேறும். எத்தனை தடவை, எந்த எல்லை என்று முன்பே முடிவு செய்யுங்கள். சந்தேகம் வந்தால் பத்து மடங்கு `N`-உடன் புதிதாக ஒரு முறை ஓட்டுங்கள். உண்மையான குறை `N`-உடன் வளரும், தற்செயல் வளராது. அப்புறம் மறுமுனையையும் பாருங்கள். 6000 தடவையில் கை-ஸ்கொயர் 0.01 என்று வந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஆறு வரிசைகளையும் முறை வைத்துச் சுற்றித் தரும் ஒன்றுதான் அவ்வளவு சமமாக இருக்கும்.

52 சீட்டுக்கு வரிசைகளை எண்ணுவது நடக்காது. அவற்றின் எண்ணிக்கை 68 இலக்கம். ஒவ்வொரு வரிசைக்கும் எதிர்பார்ப்பு ஐந்தாவது இருக்க வேண்டும் என்ற வழக்கமான விதியை நினைத்தே பார்க்க முடியாது. அதனால் சிறிய ஒன்றை எண்ணுகிறோம்: எந்தச் சீட்டு எந்த இடத்தில் வந்தது. 52-க்கு 52 அட்டவணை, 2704 கட்டம். 52,000 தடவை ஓட்டினால் கட்டத்துக்கு 1000.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 2704-இல் ஒன்றைக் கழித்து 2703 என்று போடுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு வரியின் கூட்டுத்தொகையும் ஒவ்வொரு பத்தியின் கூட்டுத்தொகையும் 52,000 என்று கட்டப்பட்டவை; சுதந்திரமாக மாறக்கூடியவை 51 × 51 = 2601 மட்டுமே. (கை-ஸ்கொயரை 1900-இல் கொண்டுவந்த கார்ல் பியர்சனே இந்தக் கழித்தலில் தடுமாறினார். 1922-இல் திருத்தியவர் ஃபிஷர். 1938-இல் யேட்ஸுடன் சேர்ந்து மேலே சொன்ன கலைப்பைத் தந்த அதே ஃபிஷர்.) அதோடு முடியவில்லை. ஒரு கலைப்பு ஒரே சமயத்தில் 52 கட்டங்களில் ஒவ்வொன்று சேர்க்கிறது. ஓர் இடத்துக்குப் போன சீட்டு இன்னோர் இடத்துக்குப் போக முடியாது. கட்டங்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. இதைச் சரிக்கட்ட, வந்த கை-ஸ்கொயரை 51/52-ஆல் பெருக்கிவிட்டு 2601-உடன் ஒப்பிட வேண்டும். நியாயமான கலைப்பு 2601-ஐச் சுற்றி ஏறத்தாழ 72 திட்ட விலக்கத்துடன் ஆடும். 2890-ஐத் தாண்டினால் நிரலைத் திறந்து பாருங்கள்.

இது கையில் இருந்திருந்தால் ஒரு பெரிய அசிங்கத்தின் பாதியைத் தவிர்த்திருக்கலாம். 1999-இல் ஏ.எஸ்.எஃப். சாஃப்ட்வேர் என்ற நிறுவனம், தங்கள் ஆன்லைன் போக்கர் நேர்மையானது என்று காட்டக் கலைக்கும் நிரலை வெளியிட்டது. அது உங்கள் லூப்பேதான், கூடவே இன்னொரு பிழையும்: `random(51)+1`. அது எழுதப்பட்ட மொழியில் `random(51)` 0 முதல் 50 வரைதான் தரும். ஆக `j` 52 ஆகவே முடியாது. 52-ஆவது இடத்தைக் கடைசிச் சுற்று மட்டுமே தொடும், தொடும்போது அங்கிருந்த சீட்டைக் கட்டாயம் வேறிடத்துக்கு அனுப்பிவிடும். தொடக்கத்தில் கடைசியில் இருந்த சீட்டு கலைத்த பிறகு கடைசியில் வரவே வராது. நம் அட்டவணையில் 1000 வர வேண்டிய அந்த ஒரு கட்டத்தில் பூஜ்யம் இருக்கும். அது தனியாகவே கை-ஸ்கொயரில் 1000 சேர்க்கும். 72-க்கு முன்னால் அது மலை.

ஆனால் இந்த அட்டவணைக்கும் கண் தெரியாத இடம் உண்டு. கட்டைக் கலைக்காமல் ஏதோ ஓர் இடத்தில் வெட்டி, மேல்பாதியைக் கீழே வைத்துவிடும் ஃபங்ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் இடம் சமவாய்ப்பாக இருந்தால் 2704 கட்டமும் அழகாக நிரம்பும். வரும் வரிசைகளோ மொத்தம் 52 மட்டுமே. இதைப் பிடிக்க, ஒரு சீட்டை அடுத்து எது வருகிறது என்று தனி அட்டவணை போட வேண்டும். ஒவ்வொரு சோதனையும் தான் எண்ணுவதைத்தான் பார்க்கும்.

ஏ.எஸ்.எஃப். கதையின் மறுபாதி எந்த அட்டவணையிலும் தெரியாதது. ரேண்டம் எண்களின் விதையை, அதாவது அவை எல்லாவற்றையும் தீர்மானிக்கும் தொடக்க எண்ணை, நள்ளிரவிலிருந்து கழிந்த மில்லி விநாடிகளிலிருந்து எடுத்தார்கள். ஒரு நாளில் அவை 8 கோடியே 64 லட்சம். 68 இலக்க உலகத்தில் அது தூசு. ரிலையபிள் சாஃப்ட்வேர் டெக்னாலஜிஸ் என்ற நிறுவனத்தினர் தங்கள் கடிகாரத்தை சர்வரின் கடிகாரத்தோடு ஒத்திசைத்து, சாத்தியங்களைச் சுமார் 2 லட்சமாகக் குறைத்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த சில சீட்டுகளை வைத்து மீதி எல்லாவற்றையும் ஆட்டம் நடக்கும்போதே சொல்லிவிட்டார்கள். கலைக்கும் லூப்பைத் திருத்தியிருந்தாலும், எந்தக் கை-ஸ்கொயரும் 'நலம்' என்றே சொல்லியிருக்கும்.

நண்பர்களோடு விளையாட, திருத்திய லூப்போ `random.shuffle(a)`-வோ போதும். யாராவது பணம் வைத்து ஆடப்போகிறார்கள் என்றால் `random.SystemRandom().shuffle(a)` எழுதுங்கள். அது விதையை நம்பாமல் இயங்குதளத்திடமிருந்து நேரடியாக எண்களைக் கேட்டு வாங்கும்.