மணியார்டர் போய்ச் சேரவில்லையா? ரசீதைக் கொண்டு தேடும் வழி

ஓசூரில் வேலை செய்கிறேன். அரூர் அருகே கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்கு 3,000 ரூபாய் மணியார்டர் அனுப்பினேன். பட்டுவாடா ஆகிவிட்டதாகக் கணினியில் காட்டுகிறது. அம்மாவோ பணம் வரவேயில்லை என்கிறார்.

உங்கள் ரசீதில் அச்சாகியிருக்கும் 18 இலக்க எண்தான் இந்தத் தேடலுக்கு ஆதாரம். கணினிப் பதிவு, பணம் கொடுத்ததாக ஓர் அலுவலகம் தெரிவித்ததை மட்டுமே காட்டும். யார் கையில் கொடுத்தார்கள் என்பதைக் காட்டாது. அதற்கான சான்று, பணம் பெற்றவர் கையொப்பமிட்ட வவுச்சர். எழுதத் தெரியாதவராக இருந்தால் அதில் கைரேகையும், அதற்குச் சாட்சியாக எழுதத் தெரிந்த ஒருவரின் கையொப்பமும் இருக்க வேண்டும்.

ஆகவே, "பணம் வரவில்லை" என்று மட்டும் எழுதாமல், "இந்த எண்ணுள்ள மணியார்டரின் வவுச்சரைச் சரிபார்த்து, பெற்றவர், சாட்சி, தேதி ஆகிய விவரங்களைத் தெரிவிக்கவும்" என்று எழுதி, ரசீதின் நகலை இணைத்து, பணம் கட்டிய அஞ்சலகத்தில் கொடுங்கள். புகார் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்வது அவசியம். மூல ரசீதை எவரிடமும் விட்டுவிடாதீர்கள். அதே புகாரின் நகலைத் தருமபுரி அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளருக்கும் அனுப்பலாம்.

இதற்கிடையே, வீட்டில் வேறு யாரேனும் பணத்தை வாங்கினார்களா என்று அம்மாவிடம் பொறுமையாகக் கேளுங்கள். பல புகார்களுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடுகிறது. கைரேகை அம்மாவுடையது இல்லை என்றால், விசாரணைக்கு வருபவரிடம் அவர் அதைத் தெளிவாகச் சொல்லி, வாக்குமூலத்தைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே ரேகை வைக்க வேண்டும். வெற்றுத் தாளில் எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது.

அரூருக்கு 636903 என்று எழுதுவதற்குப் பதில் 636905 என்று எழுதிவிட்டேன். பணம் போய்விடுமா?

போகாது. இப்போதைய மணியார்டர், பின்கோடு காட்டும் அலுவலகத்திலேயே அச்சாவதால், உங்களுடையது பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போயிருக்கும். ரசீதுடன் சென்று முகவரித் திருத்தம் கேளுங்கள். பட்டுவாடா ஆகாத பணம் அனுப்பியவருக்கே திரும்பும். ஆனால் கமிஷன் திரும்பாது.

கிருஷ்ணகிரியில் ஒரு ஏஜென்ட் கடையில் ரொக்கம் கொடுத்து, ஊரிலுள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். பணம் ஏறவில்லை; "நாளை வரும்" என்றே சொல்கிறார்.

ஏஜென்ட் எழுதித் தரும் துண்டுச்சீட்டு போதாது. பரிவர்த்தனை எண், பெறுபவரின் கணக்கு எண், தொகை, வங்கியின் பெயர் ஆகியவை அச்சான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வெற்றி என்று பதிவாகியிருந்தால், அந்த எண்ணைக் கொண்டு பெறுபவரின் வங்கிக் கிளை பணத்தைத் தேடிவிட முடியும். அதோடு, ரசீதிலுள்ள கணக்கு எண் சரிதானா என்பதையும் ஓர் இலக்கம் விடாமல் ஒப்பிடுங்கள்.

தோல்வி என்று பதிவாகியிருந்தால், பொதுவாக அனுப்பியவரின் செல்பேசிக்கு ஓடிபி வரும். அதைப் பதிவு செய்த பிறகே ஏஜென்ட் பணத்தைத் திருப்பித் தருவார். எனவே அந்த எண்ணைத் தொலைபேசியில் சொல்லிவிடாமல், கடைக்கு நேரில் சென்று, ரொக்கம் தயாராக இருப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஏஜென்ட் நழுவினால், அவரை நியமித்த வங்கியிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள், ஏனெனில் அவருடைய செயலுக்கு அந்த வங்கியே பொறுப்பு. 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம்.