முதலில் பார்சல் வரும், பிறகு டெல்லியிலிருந்து போன் வரும்

கேள்வி: என் அக்கா கணவரை இழந்தவர். சில மாதங்களாக இங்கிலாந்தில் இருக்கும் ஒரு டாக்டரோடு சாட் செய்கிறார். இப்போது அவர் அனுப்பிய பார்சல் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது, உடனே பணம் கட்டணும் என்கிறார். சாதாரணப் பேச்சு எப்படி இதில் வந்து நிற்கிறது? அக்காவிடம் எப்படிச் சொல்வது?

பதில்:

வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் எனக்குக் கவுண்டர் வேலை. இந்தக் கதையின் கடைசி அத்தியாயம் எங்கள் கவுண்டருக்குத்தான் வந்து சேரும் என்பதால் கொஞ்சம் தெரியும். திருவொற்றியூரிலிருந்து வந்த ஒரு அம்மாவின் விஷயத்தைச் சொல்கிறேன். அவரை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை, மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பேஸ்புக்கில் ஒரு நட்பு அழைப்பு வந்தது. ஸ்காட்லாந்தில் எலும்பு டாக்டர், மனைவி இறந்துவிட்டார், ஒரே பெண் குழந்தை ஹாஸ்டலில் இருக்கிறாள் என்று அறிமுகம். ஒரு வாரத்தில் பேச்சு வாட்ஸ்அப்புக்கு மாறியது. பேஸ்புக்கில் இருந்தால் யாராவது புகார் கொடுத்து அந்தக் கணக்கே போய்விடலாம், உறவுக்காரர்கள் கண்ணிலும் படும். அதனால்தான் சீக்கிரமே இடத்தை மாற்றிவிடுகிறார்கள்.

அடுத்த இரண்டு மூன்று மாதம் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதை வெறும் அரட்டை என்று நினைக்காதீர்கள், அவர்களுடைய முக்கியமான வேலையே இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. சாப்பிட்டாயா, மகனுக்கு ஃபீஸ் கட்டியாயிற்றா, தம்பி உதவி செய்கிறாரா, வீடு சொந்தமா வாடகையா என்று அக்கறையாகக் கேட்பார்கள். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் மனம் விட்டுப் பதில் சொல்லியிருக்கிறார். வீட்டில் எவ்வளவு நகை இருக்கும், கஷ்டம் என்றால் யாரிடம் கை நீட்டுவார், யார் பேச்சுக்குப் பயப்படுவார் என்பதெல்லாம் அந்தப் பக்கம் குறிப்பாகச் சேர்ந்துகொண்டிருந்தது.

கூடவே ஒரு பழக்கம் உண்டாக்கப்படுகிறது. விடியற்காலை ஆறு மணிக்குக் ‘குட்மார்னிங்’, ராத்திரி படுக்கும்போது ஒரு மெசேஜ். புருஷன் போன பிறகு, அவர் காலையில் எழுந்தாரா என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. அதனால் அவர் ஏமாந்ததை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம். நமக்குக் காலை ஆறு மணி என்றால் ஸ்காட்லாந்தில் குளிர்காலத்தில் நள்ளிரவு பன்னிரண்டரை, கோடையில் ஒன்றரை. தினமும் நம் ஊர் நேரத்துக்குச் சரியாகக் கண் விழிக்கிற அந்த ஊர் டாக்டர் எப்போதுதான் தூங்குகிறார்? வீடியோ காலில் வரச் சொன்னால் ஆபரேஷன், நெட்வொர்க் சரியில்லை, ஆஸ்பத்திரியில் கேமராவுக்கு அனுமதி இல்லை என்று ஏதாவது வரும். அப்படியே வந்தாலும் சில நொடிகள் மங்கலாகத் தெரிந்துவிட்டுக் கட் ஆகிவிடும். இப்போது முகத்தை மாற்றிக் காட்டும் மென்பொருள் வந்துவிட்டதால், வீடியோவில் முகம் தெரிந்ததை வைத்து ஆள் நிஜம் என்று முடிவு செய்ய முடியாது.

அப்புறம் ஒரு நாள் பரிசு பேச்சு வரும். ஐபோன், கைக்கடிகாரம், நகை, அதன் மேல் ஒரு கட்டு பவுண்ட் நோட்டு, எல்லாம் அடுக்கிய பெட்டியின் போட்டோ அவர் போனுக்கு வந்தது. கூடவே ஒரு கூரியர் ரசீது, டிராக்கிங் நம்பர், அதைப் போட்டுப் பார்க்க ஒரு வெப்சைட். நம்பரைப் போட்டால் பெட்டி எடின்பரோவில் கிளம்பி, லண்டன் வந்து, டெல்லியில் இறங்குவது வரை காட்டும். அந்த வெப்சைட்டே இதற்காகச் செய்ததுதான். ‘தம்பிகிட்ட இப்ப சொல்லாதே, பெட்டி வந்ததும் எல்லாருக்கும் சர்ப்ரைஸா இருக்கட்டும்’ என்றும் சொல்லியாயிற்று. விவரம் தெரிந்த ஒரே ஆளை இப்படித்தான் வெளியே நிறுத்துகிறார்கள்.

இனிதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். பணத்தை முதலில் கேட்பது அந்த டாக்டர் இல்லை. டெல்லி ஏர்போர்ட் கஸ்டம்ஸிலிருந்து பேசுவதாக ஒரு பெண் போன் செய்வாள். குரலில் அன்பு கிடையாது, ஆபீஸ் கறார் மட்டும்தான். பார்சலுக்கு 28,500 ரூபாய் வரி கட்டணும், இன்றைக்கே கட்டணும் என்றாள். அந்த அம்மா பதறிப்போய் டாக்டரிடம் சொன்னால், அவர் கோபப்படுகிறார்: ‘நான் எல்லாம் கட்டித்தானே அனுப்பினேன், என்ன அநியாயம் இது! வேண்டாம், நீ கட்டாதே, பெட்டி போனால் போகட்டும்.’ கட்டாதே என்று அவரே சொல்லும்போது சந்தேகம் எங்கிருந்து வரும்? தனக்காக இவ்வளவு செலவு செய்த மனுஷனுக்கு நஷ்டம் வரக் கூடாது என்று இவரேதான் பணத்தைக் கட்டினார். அன்பு ஒரு குரலிலும் மிரட்டல் இன்னொரு குரலிலும் வருவதால் இரண்டும் ஒரே கூட்டம் என்று மனசு ஏற்காது.

கட்டிய மறுநாளே ஸ்கேனிங்கில் பவுண்ட் நோட்டு தெரிந்துவிட்டது என்று போன். கறுப்புப் பணம் இல்லை என்ற சான்றிதழுக்கு 76,000, இல்லாவிட்டால் உங்கள் பெயரில் கேஸ் வரும். கட்டினால், பவுண்டை ரூபாயாக மாற்ற 1,45,000. இந்தப் படியில் டாக்டரும் தன் பங்குக்குக் கெஞ்ச ஆரம்பித்தார். அவரே கிளம்பி வந்தாராம், ஏர்போர்ட்டில் பிடித்து வைத்திருக்கிறார்களாம், கையில் இந்திய ரூபாய் இல்லையாம். ஒவ்வொரு தொகையும் முன்னால் கட்டியதைக் காப்பாற்றத்தான் கேட்கப்படுகிறது. இப்போது நிறுத்தினால் கட்டியது அத்தனையும் போச்சு என்ற பயத்தில் அடுத்ததையும் கட்டுவார்கள். கட்டுகிறவரிடம் காசு தீரும் வரை அவர்கள் கேட்பதை நிறுத்த மாட்டார்கள்.

முதல் இரண்டு தொகையையும் தெருமுனை மொபைல் கடையில் காசாகக் கொடுத்து, கடைக்காரர் மூலம் அனுப்பியிருக்கிறார். மூன்றாவது தொகை பெரியது என்பதால் எங்களிடம் வந்தார். அடகுக் கடை ரசீதைப் பர்ஸிலேயே மடித்து வைத்திருந்தார். படிவத்தில் பெறுபவர் பெயர் என்ற இடத்தில் ஒரு தனி ஆளின் பெயர், வடகிழக்கு மாநிலம் ஒன்றில் இருக்கும் கிளை, சேமிப்புக் கணக்கு.

‘இது யாரும்மா?’

‘கஸ்டம்ஸ் சார்.’

‘கஸ்டம்ஸுக்கு எதுக்கும்மா சேவிங்ஸ் அக்கவுண்ட்?’

‘ஏஜென்ட்னு சொன்னாங்க சார். சீக்கிரம் போடுங்க, மூணு மணிக்குள்ள போகணுமாம்.’

அந்த மூன்று மணிக் கெடு இருக்கிறதே, யாரிடமும் கேட்க நேரம் தராமல் செய்யத்தான். முன்பு அனுப்பிய இரண்டு தொகையும் வேறு வேறு ஊர், வேறு வேறு பெயர். கமிஷனுக்காகக் கணக்கை வாடகைக்கு விடும் ஆட்கள் இவர்கள். பணம் விழுந்த சில நிமிஷங்களில் நாலைந்து கணக்குக்குப் பிரிந்து ஏடிஎம்மில் எடுபட்டுவிடும்.

ஆகவே உங்கள் அக்காவிடம் டாக்டர் நல்லவரா கெட்டவரா என்று வாதம் செய்யாதீர்கள். அதில் நீங்கள் தோற்பீர்கள். ‘உனக்கு நான் சந்தோஷமா இருக்கறது பிடிக்கல’ என்று பேச்சு திரும்பும். அதற்கான பதிலையும் அந்தப் பக்கம் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருக்கும். பதிலாக, ‘அக்கா, அவரை விடு. பணம் யார் கணக்குக்குப் போகுதுன்னு மட்டும் பார்ப்போம்’ என்று கேளுங்கள். யூபிஐயில் பணம் அனுப்பும் முன்பே பெயர் தெரியும். என்இஎஃப்டி, ஆர்டிஜிஎஸ் அனுப்பும்போதும் பெறுபவர் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சொல்லியிருக்கிறது. சுங்க வரியைத் தனி ஆளின் கணக்கில் கட்டச் சொல்லும் நடைமுறையே கிடையாது.

கஸ்டம்ஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று அக்கா காட்டினால், அதில் டின் என்ற ஆவண எண் இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய மறைமுக வரி வாரியம் தன் அதிகாரிகள் அனுப்பும் கடிதங்களில் அதைப் போடும் முறையை 2019 நவம்பரில் கொண்டுவந்தது. வாரியத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு உண்மையா என்று பார்க்கலாம். டிராக்கிங் நம்பரையும் அவர்கள் கொடுத்த லிங்கில் பார்க்காமல், கூரியர் கம்பெனியின் சொந்த வெப்சைட்டில் நீங்களே டைப் செய்து பாருங்கள். அதற்கும் அக்கா மசியவில்லை என்றால் பீச் ஸ்டேஷனில் இறங்குங்கள். ராஜாஜி சாலையில் கஸ்டம் ஹவுஸ் இருக்கிறது, நம்ம வடசென்னைக்காரர்களுக்குக் கூப்பிடு தூரம். கடிதத்தை அங்கே காட்டிக் கேட்கலாம். அந்த அம்மாவை அவர் மகன் அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனான். தம்பி சொல்லியும், நான் சொல்லியும் நம்பாதவர், யூனிபார்மில் இருந்த ஒருவர் சொன்னதும் நம்பினார்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால் முதல் வேலை 1930-க்கு போன் செய்வது, அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுப்பது. அனுப்பிய ஒவ்வொரு தொகைக்கும் தேதி, நேரம், பரிவர்த்தனை எண் கேட்பார்கள். யூபிஐ என்றால் அது பன்னிரண்டு இலக்கம். புகார் பதிவானதும் பணம் போன வங்கிகளுக்குத் தகவல் போய், கணக்கில் மிச்சம் இருக்கும் தொகையை நிறுத்தி வைப்பார்கள். மிச்சம் இருந்தால்தான் நிறுத்த முடியும், ஆகவே மணிக்கணக்கு முக்கியம். அந்த அம்மாவின் முதல் இரண்டு தொகையில் நின்றது சொற்பம்தான், கவுண்டரில் நிறுத்திய மூன்றாவது முழுசாகத் தப்பியது. நிறுத்தி வைத்த பணத்தையும் கோர்ட் உத்தரவு வாங்கித்தான் பொதுவாகத் திரும்பப் பெற முடிகிறது, அதற்கு நாளாகும்.

கோபத்தில் வாட்ஸ்அப் சாட்டை அழித்துவிட்டு பிளாக் செய்யச் சொல்லாதீர்கள். முதலில் சாட்டை முழுசாக எக்ஸ்போர்ட் செய்து, போன் நம்பர்கள், ரசீது, வெப்சைட் முகவரி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிளாக் அதற்குப் பிறகு. அந்தரங்கப் படம் ஏதாவது அனுப்பியிருக்கிறாரா என்று வீட்டுப் பெண்கள் யாராவது பக்குவமாகக் கேட்பது நல்லது. பணம் நின்றதும் அதை வைத்து மிரட்டுவது உண்டு, அதையும் இதே புகாரில் சேர்க்கலாம்.

சில வாரம் கழித்து இன்னொரு போன் வரும். சைபர் பிரிவிலிருந்து, அல்லது ஒரு வக்கீல் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணத்தை மீட்டுவிட்டோம், ஃபைல் சார்ஜ் மட்டும் கட்டுங்கள் என்பார்கள். எவ்வளவு போனது, எந்தத் தேதியில் போனது என்று துல்லியமாகச் சொல்வார்கள். வாங்கியவர்களுக்குத் தெரியாதா! 1930-லும் போலீஸிலும் புகாருக்குக் கட்டணம் எதுவும் கிடையாது என்பதை அக்காவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.