‘போட்டியே இல்லை’ என்ற வரியை எடுத்துவிடுங்கள்

“வாழைச்சேனையில் எருமைத் தயிர் செய்கிறேன். வங்கிக் கடனுக்கான திட்டத்தில் ‘போட்டியே இல்லை, வருடம் 30 வீத வளர்ச்சி உறுதி’ என்று எழுதினேன். அதிகாரி அதோடு வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஏன்?”

அந்த அதிகாரியும் வீட்டுக்குத் தயிர் வாங்குகிறவர்தானே. வீதியோரச் சட்டித் தயிர், கடைகளில் இருக்கும் கப் யோகட், பட்டிக்காரர் நேரே கொண்டுவந்து கொடுக்கும் பால் எல்லாம் உங்களுக்குப் போட்டிதான். ‘இல்லை’ என்றால், சந்தையை நீங்கள் பார்க்கவே இல்லை என்று நினைப்பார். பக்கத்தில் விற்கும் மூன்று பேரின் விலையை எழுதி, உங்கள் சட்டியை ஏன் வாங்குவார்கள் என்று ஒரு வரி சேருங்கள்.

வளர்ச்சிதான் பெரிய சிக்கல். உதாரணத்துக்கு இன்று நாளுக்கு 40 லீற்றர் பால் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். 30 வீதப்படி அடுத்த வருடம் 52, மூன்றாம் வருட முடிவில் ஏறக்குறைய 88 லீற்றர். இரண்டு மடங்குக்கு மேல்! அந்தப் பாலை எந்தப் பட்டி தரும்? வறட்சியில் புல் காய்ந்தால் இருக்கிற பாலும் குறையும். ஆகவே ‘உறுதி’யை வெட்டிவிட்டு, பால் தரச் சம்மதித்தவர்களையும் அளவையும் எழுதுங்கள். வறட்சி மாதங்களுக்குத் தனிக் கணக்குப் போட்டு, அப்போதும் தவணை கட்ட முடியும் என்று காட்டுங்கள்.